உங்களுக்குத் தெரியுமா? கன்சோல் சொல்லும் ‘நாட் டைப்’

நெட் வேகத்துக்கும் நாட் டைப்புக்கும் சம்பந்தமே இல்லை. 200 எம்பிபிஎஸ் இணைப்பில் 80 ஜிபி விளையாட்டு விறுவிறுவென்று இறங்கிவிடும். அதே இணைப்பில் லாபி மட்டும் ‘ஆட்களைத் தேடுகிறது’ என்று சொல்லிக்கொண்டு பத்து நிமிடம் நிற்கும். வேகச் சோதனையில் நீங்கள் கேட்டது எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று தெரியும். நாட் சோதனை பார்ப்பது வேறு: நீங்கள் கேட்காத ஒருவர் வெளியிலிருந்து அனுப்பும் பாக்கெட், ரவுட்டரைத் தாண்டி உங்கள் கன்சோலுக்கு வந்து சேருமா?

ஒரே விஷயத்துக்கு மூன்று கம்பெனிகள், மூன்று மதிப்பெண் முறை. எக்ஸ்பாக்ஸ் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்கிறது. பிளேஸ்டேஷன் 1, 2, 3 என்று எண் போடுகிறது. நின்டென்டோ ஸ்விட்ச் ஏ, பி, சி, டி, எஃப் என்று பள்ளிக்கூட கிரேடு கொடுக்கிறது. பிளேஸ்டேஷனில் டைப் 1 என்பது ரவுட்டரே இல்லாமல் நேரடியாக இணைந்த நிலை. வீட்டில் ரவுட்டர் வைத்திருப்பவருக்கு டைப் 2 வந்தாலே போதும். டைப் 1 வேண்டும் என்று ரவுட்டர் செட்டிங்கைக் குடைவது வீண் வேலை. கவலைப்பட வேண்டியது 3 வந்தால்தான்.

நாட் ஒரு தற்காலிக ஏற்பாடாக வந்தது. ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம் என்பதால் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. அது தீர்ந்துபோகும் என்று தெரிந்ததும், ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல கருவிகளை ஒளித்துவைக்கும் இந்த முறையை 1994இல் வெளியான ஆர்எஃப்சி 1631 விவரித்தது. நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாளிக்க என்றுதான் அதில் சொல்லியிருந்தார்கள். முப்பது வருடம் தாண்டியும் சமாளித்துக்கொண்டிருக்கிறோம்.

ரவுட்டருக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் எக்ஸ்பாக்ஸின் வீட்டு முகவரி 192.168.1.20 என்று வையுங்கள். விளையாட்டுக்கு அது பயன்படுத்துவது யூடிபி 3074 போர்ட். விளையாட்டு கம்பெனியின் சர்வருக்கு ஒரு பாக்கெட் கிளம்பியதும் ரவுட்டர் இப்படி ஒரு வரி எழுதிக்கொள்ளும்:

```
192.168.1.20:3074  ->  203.0.113.45:40112
```

வலப்பக்கம் இருப்பது வெளியுலகம் பார்க்கும் முகவரி. 40112க்கு வரும் பதிலை ரவுட்டர் இந்த வரியைப் பார்த்துத்தான் கன்சோலிடம் சேர்க்கும். கொஞ்ச நேரம் பேச்சு இல்லாவிட்டால் வரியை அழித்துவிடும். மூன்று டைப்களும் பிரிவது இங்கேதான், இரண்டே கேள்விகளில். 40112க்கு யார் வேண்டுமானாலும் அனுப்பலாமா, அல்லது நீங்கள் ஏற்கெனவே அனுப்பியவர் மட்டும்தானா? இன்னொருவருக்கு நீங்கள் அனுப்பும்போதும் அதே 40112தானா, அல்லது ஆளுக்கு ஒரு புது எண்ணா?

யாரிடமிருந்து வந்தாலும் உள்ளே விட்டால் ஓப்பன். நீங்கள் முன்பே அனுப்பிய முகவரியிலிருந்து வந்தால் மட்டும் விட்டால் மாடரேட். அதோடு ஆளுக்கு ஒரு புது எண்ணும் போட்டால் பெரும்பாலும் ஸ்ட்ரிக்ட். நெட்வொர்க்காரர்கள் இந்தக் கடைசி வகையை ‘சிமெட்ரிக் நாட்’ என்பார்கள்.

இரண்டு மாடரேட்கள் எப்படிச் சேர்கின்றன? இருவர் வீட்டிலும் அழையாதவருக்கு அனுமதி இல்லை. ஆனாலும் ஆட்டம் நடக்கிறது. காரணம், நடுவில் இருக்கும் சர்வர் ஒருவரின் வெளி முகவரியை மற்றவருக்குச் சொல்லிவிடுகிறது. இரண்டு கன்சோலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எதிராளிக்குப் பாக்கெட் அனுப்புகின்றன. முதல் பாக்கெட் எதிர்வீட்டு ரவுட்டரில் அடிபட்டுப் போகலாம், பரவாயில்லை. அனுப்பிய செயலிலேயே ‘இவருக்கு நான் அனுப்பியிருக்கிறேன்’ என்ற குறிப்பு தன் வீட்டு ரவுட்டரில் ஏறிவிட்டது. அடுத்து வருவது உள்ளே போய்விடும். இதற்கு ‘ஹோல் பஞ்சிங்’ என்று பெயர். நாம் ஆடும் பல விளையாட்டுகள் இந்தத் தந்திரத்தில்தான் ஓடுகின்றன.

ஸ்ட்ரிக்ட் இந்தத் தந்திரத்தை எங்கே உடைக்கிறது? இப்போது உங்கள் ரவுட்டர் ஸ்ட்ரிக்ட், நண்பருடையது மாடரேட். சர்வர் உங்களைப் பார்த்தது 40112இல். ஆகவே நண்பரிடம் ‘203.0.113.45:40112க்கு அனுப்பு’ என்கிறது, நண்பரின் கன்சோலும் அனுப்புகிறது. ஆனால் நீங்கள் நண்பருக்கு அனுப்பும்போது உங்கள் ரவுட்டர் புதிதாக ஒரு வரி போட்டுவிட்டது:

```
சர்வருக்கு:    203.0.113.45:40112
நண்பருக்கு:   203.0.113.45:40587
```

நண்பரின் ரவுட்டர் 40587இலிருந்து ஒரு பாக்கெட் வருவதைப் பார்க்கிறது. ‘நம் வீட்டிலிருந்து 40112க்குத்தானே போனது, இது யாரோ’ என்று கீழே போட்டுவிடுகிறது. அவர் 40112க்கு அனுப்பியதை உங்கள் ரவுட்டரும் கீழே போடுகிறது. அந்த எண் சர்வருக்கு மட்டும் திறந்தது. இருவரும் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், ஒருவருக்கும் எதுவும் வந்து சேராது. சில நொடிகளில் ‘இணைக்க முடியவில்லை’.

நண்பர் ஓப்பனாக இருந்தால் கதையே வேறு. அவருடைய ரவுட்டர் 40587இலிருந்து வந்ததையும் உள்ளே விடும். அவருடைய கன்சோல் வந்த வழியையே பார்த்து அங்கேயே பதில் போடும், இணைப்பு அமைந்துவிடும். எக்ஸ்பாக்ஸ் உதவிக் குறிப்புகளில் ஸ்ட்ரிக்ட் ஓப்பனோடு மட்டும், மாடரேட் ஓப்பனோடும் மாடரேட்டோடும், ஓப்பன் எல்லோரோடும் சேரும் என்று இருப்பதன் உள்விவகாரம் இதுதான். மாடரேட்களிலும் போர்ட்டைப் பார்க்காமல் ஐபியை மட்டும் பார்க்கும் ரவுட்டர்கள் உண்டு. அவற்றோடு ஸ்ட்ரிக்ட் இணைந்துவிடக்கூடும். ஆனால் அதை நம்பி ஒரு லாபியைக் கட்ட எந்த மேட்ச்மேக்கரும் துணியாது.

எட்டுப் பேர் ஆட்டத்தில் 28 இணைப்புகள். ஒவ்வொரு கன்சோலும் மற்ற எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசும் வகை விளையாட்டில் கணக்கு இப்படித்தான் ஏறும். அதில் இரண்டு பேர் ஸ்ட்ரிக்ட் என்றால் அந்த ஒரு ஜோடி சேராது, லாபியே கலைந்துவிடும். ஆகவே ஆள் சேர்க்கும் மென்பொருள் திறமை, தூரம் இவற்றோடு நாட் டைப்பையும் பார்த்துச் சலிக்கிறது. ஸ்ட்ரிக்ட்காரருக்குத் தகுதியான ஆட்கள் ஆன்லைனில் ஆயிரம் பேர் இருந்தாலும், ஓப்பன்காரர்கள் மட்டும்தான் தேறுவார்கள். அதில் அவருடைய திறமைக்கும் ஊருக்கும் ஒத்துவருபவர்கள் இன்னும் குறைவு. தேடல் நீள்வதும், கடைசியில் தொலைதூரத்து லாபியில் போய் விழுந்து ஆட்டம் இழுப்பதும் அதனால்தான். ஒரு வீரரின் கன்சோலே ஹோஸ்டாக நிற்கும் விளையாட்டில், அந்தப் பொறுப்பும் ஸ்ட்ரிக்ட்காரருக்குக் கிடைக்காது.

கம்பெனி தன் சொந்த சர்வரில் நடத்தும் ஆட்டத்தில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை. எல்லோரும் வெளியே சர்வருக்குப் போகிறார்கள், யாரும் யார் வீட்டுக்குள்ளும் வருவதில்லை. ‘ஒரு கேம் நன்றாக ஓடுது, இன்னொன்று மட்டும் சேர மாட்டேங்குது’ என்று யாராவது புலம்பினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

குரல் அரட்டை ஒரு நல்ல துப்பு. மூன்று பேர் பார்ட்டியில் உங்களுக்கு இருவர் குரலும் கேட்கிறது, ஆனால் அவர்களில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. மைக் கெட்டுவிட்டது என்று புது ஹெட்செட் வாங்கிவிடாதீர்கள். குரல் கன்சோலுக்குக் கன்சோல் நேராகப் போகும் இடங்களில் இது நாட் பொருந்தாத ஜோடியின் அடையாளம். உங்களிடம் குறை இல்லை, குறை அந்த ஜோடியில்.

யூபிஎன்பி என்பது கன்சோல் ரவுட்டரிடம் வைக்கும் கோரிக்கை. ‘3074க்கு வருவதை என்னிடம் அனுப்பு’ என்று கன்சோலே கேட்கும், ரவுட்டர் ஒப்புக்கொண்டால் ஓப்பன். ரவுட்டரில் அந்த வசதி அணைந்திருந்தால் எக்ஸ்பாக்ஸ் `UPnP Not Successful` என்று காட்டும். வீட்டில் அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொரு எக்ஸ்பாக்ஸ் என்றால் இரண்டும் 3074க்கே போட்டி போடும். நெட்வொர்க் செட்டிங்கின் அட்வான்ஸ்டு பகுதியில் உள்ள `Alternate port selection` மூலம் ஒன்றை வேறு போர்ட்டுக்கு மாற்றிவிடலாம்.

எந்த போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லாத வீடுகள் உண்டு. போர்ட் திறக்க உட்காருவதற்கு முன் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்ன என்று பாருங்கள். பிறகு போனை அதே வைஃபையில் வைத்து, உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் சரி. வான் ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனமே தன் பக்கத்தில் இன்னொரு நாட் வைத்திருக்கிறது. பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரியில் அடைக்கும் அந்த ஏற்பாட்டுக்கு இந்த எண் வரிசையை 2012இல் ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரில் கதவைத் திறந்தாலும் தெருக்கதவு அவர்கள் கையில். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பெரும்பாலும் இதே கதைதான். நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்குவதே வழி, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். விளையாட்டும் எதிராளியின் இணைப்பும் ஐபிவி6 ஏற்றால் இந்தத் தொல்லையே இல்லாமல் போகலாம்.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் அது வேறு நோய். ஃபைபர்காரர் மாட்டிய பெட்டியும் ரவுட்டர், நீங்கள் வாங்கி மாட்டியதும் ரவுட்டர். எக்ஸ்பாக்ஸ் இதை `Double NAT detected` என்று சொல்லிவிடும். இரண்டில் ஒன்றை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றினால் தீர்ந்தது.

ஸ்விட்சுக்கு நின்டென்டோ சொன்ன போர்ட் வரிசை 1 முதல் 65535 வரை. அதாவது இருக்கும் யூடிபி போர்ட் எல்லாமே. படிக்கும்போது திக்கென்று இருக்கும், ஆனால் ஒரு விளையாட்டுக் கன்சோலுக்கு மட்டும் என்பதால் ஆபத்து குறைவு. ஒரு நிபந்தனை உண்டு: ரவுட்டரில் அந்தக் கன்சோலின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகு அதே ஐபி அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்புக்குப் போகலாம். கன்சோலுக்கென்று திறந்த 65,535 கதவுகளும் அதோடு சேர்ந்தே போகும்.