செலவுக் கொப்பியை அட்டவணையாக்குவது எப்படி?

பல குடும்பங்கள் அன்றாடச் செலவைக் கொப்பியில் வசனமாக எழுதி வைக்கின்றன. அதை விட்டுவிட வேண்டாம். மாத முடிவில் அதை அட்டவணையாக மாற்றினால் போதும். ஒரு குடும்பத்தின் கொப்பி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“2ஆம் திகதி சந்தையில் அரிசி 350, மீன் 200. பஸ்ஸுக்கு 80. மகளுக்குக் கொப்பிகள் 120. 5ஆம் திகதி சங்கக் கடையில் பருப்பு, சீனி 330, மண்ணெண்ணெய் 150, எல்லாம் கடன். 9ஆம் திகதி கிணறு துப்புரவாக்கக் கூலி 1600. 12ஆம் திகதி கடைக் கடன் 480 கட்டினோம்.”

முதலில் ஒவ்வொரு தொகையின் கீழும் கோடிடுங்கள். பிறகு அது எதற்காகச் செலவானது என்று பார்த்து உரிய நிரலில் எழுதுங்கள். ஒரே கடையில் வாங்கினாலும் சீனி சாப்பாட்டுக்கும் மண்ணெண்ணெய் வீட்டுக்கும் போகும்.

| திகதி | சாப்பாடு | பயணம் | படிப்பு | வீடு, வளவு | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| 2 | 550 | 80 | 120 | – | 750 |
| 5 (கடன்) | 330 | – | – | 150 | 480 |
| 9 | – | – | – | 1600 | 1600 |
| மொத்தம் | 880 | 80 | 120 | 1750 | 2830 |

12ஆம் திகதி அட்டவணையில் இல்லை. கடனுக்கு வாங்கிய அன்றே அந்தச் செலவை எழுதிவிட்டோம். கடன் கட்டியதையும் எழுதினால் அதே 480 இரண்டு முறை சேர்ந்து, மொத்தம் 3310 ஆகிவிடும். அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். 5ஆம் திகதிக்குப் பக்கத்தில் “கட்டியாயிற்று” என்று மட்டும் குறியுங்கள்.

“வேறு” என்றொரு நிரலும் வைக்கலாம். ஆனால் அது படிப்புச் செலவைவிடப் பெரிதாக வளர்ந்தால் அதைப் பிரித்துப் பாருங்கள். தனி நிரல் வேண்டிய ஏதோவொன்று அதற்குள் ஒளிந்திருக்கும்.

வீடு கட்டக் கட்டம் கட்டமாகப் பணம் பெறுபவர்கள் அந்தப் பணத்தில் செய்த செலவுக்கு “வீ” என்று குறியிடுங்கள். சாப்பாட்டு நிரலில் “வீ” தென்பட்டால், அத்திவாரத்துக்கான காசு அடுப்படிக்குப் போகிறது என்று அர்த்தம். அடுத்த கட்ட வேலை நின்றுபோகும் முன்பே அது தெரிந்துவிடும்.

கடைசி நிரலை மேலிருந்து கீழாகக் கூட்டினாலும், கடைசி வரியை இடமிருந்து வலமாகக் கூட்டினாலும் 2830 வர வேண்டும். வராவிட்டால் வித்தியாசத்தைப் பாருங்கள். 80 குறைந்தால் பஸ் காசு ஒரு பக்கம் விடுபட்டிருக்கும். 350ஐ 530 என்று மாற்றி எழுதினால் வித்தியாசம் 180. இப்படி இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றிப் பிரிபடும்.

கொப்பியிலேயே எழுதாமல் விட்டதை இந்தக் கூட்டல் காட்டாது. அதற்குக் கையிலுள்ள காசை எண்ண வேண்டும். மாதத் தொடக்கத்தில் 4000 ரூபா இருந்து, வேறு வரவும் இல்லை, கடனும் கட்டியாயிற்று என்றால் 1170 மிஞ்ச வேண்டும். 1000தான் இருந்தால் 170 எழுதப்படவில்லை. பெரும்பாலும் அது தேநீர், வெற்றிலை, தொலைபேசி ரீலோட் போன்ற சில்லறைச் செலவாகவே இருக்கும்.