ஏழாவது ஸ்லைடில் எத்தனை நாள்?

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி ஒரு மாவட்டத்தில் பயிற்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ அலுவலர்களுக்கு ஆங்கிலத்திலும், கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தமிழிலும் ஸ்லைடுகள் தயாராகின்றன. ஆங்கிலத்தின் ஏழாவது ஸ்லைடு ஜிங்க் மாத்திரையை 14 நாள் கொடுக்கச் சொல்கிறது. தமிழின் ஏழாவது ஸ்லைடில் 10 முதல் 14 நாள் என்று இருக்கிறது. மறுவாரம் ஒரு தாய்க்கு மருத்துவர் பதினாலு நாள் என்று சீட்டில் எழுதுவார். செவிலியர் வீட்டுக்கு வந்து, வயிற்றுப்போக்குதான் நின்றுவிட்டதே, பத்து நாளோடு நிறுத்தலாம் என்பார். இருவரும் பயிற்சியில் கேட்டதைத்தான் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட பிசகுக்கு உடனே மொழிபெயர்த்தவரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அவர் பேரில் தவறிருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 10 முதல் 14 நாள். இந்தியத் திட்டத்தில் 14 நாள். முதல் ஆங்கில வரைவு உலகப் பரிந்துரையைப் பார்த்து எழுதப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே தமிழில் கொடுத்திருப்பார். பிறகு ஒருவர் ஆங்கிலத்தை இந்தியத் திட்டத்துக்கு ஏற்பத் திருத்தியிருப்பார், தமிழ்க் கோப்பு வைத்திருப்பவருக்கு அந்தத் தகவல் போயிருக்காது. நான் பார்த்தவரை, இரண்டு மொழி ஸ்லைடுகள் வேறுபடுவதற்கு முதல் காரணம் இந்தப் பிந்திய திருத்தம்தான்.

அதனால் ஒப்பிட உட்காருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த ஆங்கிலக் கோப்பைப் பார்த்துத் தமிழாக்கினீர்கள்? அந்தப் பழைய கோப்பு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பவர்பாயிண்டில் Review பகுதியில் Compare என்று ஒரு வசதி இருக்கிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் அதில் கொடுத்தால் பயனில்லை, எல்லா வரியும் மாறியிருப்பதாகக் காட்டும். பழைய ஆங்கிலத்தையும் புதிய ஆங்கிலத்தையும் கொடுக்க வேண்டும். எந்த ஸ்லைடில் எது மாறியது, எது சேர்ந்தது, எது போனது என்று அது வரிசையாகச் சொல்லிவிடும். தமிழில் முதலில் பார்க்க வேண்டிய ஸ்லைடுகள் அவையே.

அடுத்தது எண்ணிக்கை. இரண்டு கோப்பிலும் மொத்த ஸ்லைடுகள் சமமாக இருக்க வேண்டும். மறைத்து வைத்த ஸ்லைடுகளும் அதில் சேர்த்தி. தமிழில் வரி நீளும் என்பதால் ஒரு ஸ்லைடை இரண்டாக உடைத்துவிடுவது வழக்கம். ஐந்தாவதை உடைத்தால் ஆங்கிலத்தின் ஏழு தமிழில் எட்டாகிவிடும். அதன் பிறகு எண்ணைச் சொல்லி யாரும் யாரோடும் பேச முடியாது. உடைத்தே ஆக வேண்டுமென்றால் ஆங்கிலத்திலும் அதே இடத்தில் உடைப்பதே சரி. இரண்டு கோப்பையும் திறந்து, View பகுதியில் Arrange All கொடுத்தால் திரையில் பக்கத்தில் பக்கமாக நிற்கும். தலைப்புகளை மட்டும் ஒரு ஓட்டம் பார்த்தால் வரிசை பிசகியது எங்கே என்று தெரிந்துவிடும்.

இனித்தான் உள்ளடக்கம். இதை இருவர் சேர்ந்து செய்வது நல்லது. தமிழ் ஸ்லைடை ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் ஆங்கிலத்தைக் கண்ணால் தொடர வேண்டும். தலைகீழாகச் செய்தால் பலன் குறையும். ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டுத் தமிழைப் பார்க்கும் கண், இருக்க வேண்டியது இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். தமிழை முதலில் கேட்டால், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பணியாளர் காதில் என்ன விழுமோ அதுவே விழும். எண்களை மட்டும் தனியாக இன்னொரு முறை படிக்க வேண்டும். ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி ஓ.ஆர்.எஸ்., இரண்டு வயதும் அதற்கு மேலும் 100 முதல் 200 மில்லி. ஜிங்க், 2 மாதம் முடிந்து 6 மாதம் ஆகாத குழந்தைக்கு 10 மில்லிகிராம். 6 மாதம் ஆனவர்களுக்கு 20 மில்லிகிராம். எண் சரியாக இருந்தாலும் எல்லை நழுவலாம். ‘6 மாதம் வரை’ என்று ஓரிடத்திலும் ‘6 மாதத்துக்குக் கீழ்’ என்று இன்னோரிடத்திலும் இருந்தால், சரியாக ஆறு மாதமான குழந்தைக்கு எந்த அளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுத்தை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் கோட்டைவிடுவது படங்களில்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கான சிறியதும் கடையில் உண்டு. ஆங்கில ஸ்லைடில் பெரிய பொட்டலமும் ஒரு லிட்டர் பாட்டிலும் படமாக இருக்கின்றன. தமிழுக்கு மாற்றும்போது, உள்ளூர்ப் படமாக இருக்கட்டுமே என்று யாரோ ஒரு டம்ளரையும் சின்னப் பொட்டலத்தையும் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் ‘ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்’ என்ற வரி அப்படியே இருக்கிறது. படத்தைப் பார்த்துச் சின்னப் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். பெரிய பொட்டலத்தை டம்ளரில் கரைத்தால் ஐந்து மடங்கு உப்பு குழந்தையின் உடலுக்குள் போகும், இது ஆபத்து. வார்த்தைக்கு வார்த்தை சரிபார்த்தவர் கையொப்பமிட்ட ஸ்லைடாகவும் இது இருக்கும். ஒவ்வொரு ஸ்லைடிலும் படம் தன் பக்கத்து வரியோடு ஒத்துப்போகிறதா என்று தமிழுக்குள்ளேயே ஒரு முறை பார்த்தாக வேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், மறுப்பும் அதோடு வரும். இது ஸ்லைடில் ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவருகிறது. ‘கரைத்து 24 மணி நேரம் ஆன கரைசலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது’ என்ற வரி பெட்டியை மீறி வழிந்தால், ‘கூடாது’ மட்டும் ஸ்லைடின் அடியில் இருக்கும் நீலப் பட்டைக்கு மேல் போய்க் கருப்பில் விழும். பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரிவது ‘கொடுக்க’ வரைதான். எழுத்தைத் தானாகச் சுருக்கும் வசதி போட்டிருந்தால் வரி வழியாது, ஆனால் எச்சரிக்கை வரி இருக்கும் பெட்டியே அந்த ஸ்லைடில் மிகச் சிறிய எழுத்தாகிவிடும். ஆகவே, திருத்தும் பார்வையில் சரிபார்த்ததோடு விடாமல், முழுத்திரையில் ஓட்டி, அறையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்போது அசைவுகளும் தெரியும். பழைய பெட்டியை நீக்கிவிட்டுப் புதிதாக ஒட்டிய தமிழ்ப் பெட்டிக்கு அசைவு போயிருக்கும். கேள்விக்குப் பின் வர வேண்டிய விடை கேள்வியோடு சேர்ந்தே வந்து நிற்கும்.

எழுத்துரு பற்றிச் சுருக்கமாக: யூனிகோடில் இல்லாத பழைய எழுத்துருவில் அடித்த வரி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குறிகளாகக் கொட்டும். யூனிகோடுதானா என்று தெரிய, வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் போதும். அங்கும் தமிழாகவே நின்றால் சரி.

வேறுபாடு கண்ட இடத்தில் கை பரபரக்கும். அப்போதே தமிழை மாற்றிவிடத் தோன்றும். மாற்றக் கூடாது. ஸ்லைடு எண், தமிழில் இருப்பது, ஆங்கிலத்தில் இருப்பது என்று மூன்று பத்தியில் எழுதிக்கொண்டு போக வேண்டும். தவறு தமிழில்தான் என்று நினைப்பது நம் பழக்கம். ஆனால் மொழிபெயர்ப்பவர் கவனமாகப் படிப்பவர்; ஆங்கிலத்தில் 20 என்று தவறாக இருந்த 10ஐத் தமிழில் சொல்லாமலே சரிசெய்திருப்பார். ஆங்கிலத்தைப் பார்த்து அதை ‘திருத்தினால்’ இரண்டிலும் தவறாகிவிடும். எது சரி என்பதை அரசின் வழிகாட்டி நெறிமுறையைத் திறந்து பார்த்து, பொறுப்பான மருத்துவர் சொல்ல வேண்டும். அவர் சொன்னபடி இரண்டு கோப்பையும் ஒரே நாளில் திருத்தி, இரண்டின் கடைசி ஸ்லைடிலும் ஒரே தேதியைப் போட வேண்டும். அதன் பிறகு ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தொடுபவர் தமிழ்க் கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவருக்கும் எழுதிவிட்டே தொட வேண்டும்.