நாற்பதில் எந்த பல்பு?

கார்த்திகைக்காகப் பரணிலிருந்து இறக்கிய சீரியல் செட் எரியவில்லை. நாற்பது குட்டி பல்புகள், மினுக்கும் டப்பா எதுவும் இல்லாமல் நேரே பிளக்கில் முடிகிற பழைய ரகம். ஒவ்வொரு பல்பாகப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு நல்ல பல்பை வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஒரே பல்பு போயிருந்தால் அது பலிக்கும். இரண்டு போயிருந்தால் நாற்பதாவது வரை போனாலும் செட் இருட்டாகவே கிடக்கும். ஒரே மின்சாரம் எல்லா பல்புக்குள்ளும் புகுந்து வெளிவருவதால், எங்கே அறுந்தாலும் மொத்தமும் நின்றுவிடுகிறது.

இந்த முறை பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். இங்கே பலரும் ஏமாறுவது பஸ்ஸரை நம்பித்தான். இருபது பல்புகளின் இழைகள் சேர்ந்தால், குளிர்ந்திருக்கும்போதே நூறு ஓமுக்கு மேல் போகலாம். அதற்கு பஸ்ஸர் கூவாது. நல்ல பாதியையும் அறுந்தது என்று நினைத்துவிடுவோம். அதனால் 2000 ஓம் அளவில் வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும்.

இருபதாவது பல்பைப் பிடுங்கினேன். முதலில் அந்த பல்பின் இரு கால்களிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பிறகு காலி ஹோல்டரின் ஒரு தகட்டிலிருந்து பிளக்கின் ஒரு முனை வரை அளந்தேன். எண் வந்தது, அந்தப் பாதியில் குறையில்லை. மறுபாதி காட்டவே இல்லை. முப்பதாவதைக் கழற்றியதும் அதற்கு அப்பால் உள்ளவை தப்பின. 21க்கும் 29க்கும் இடையில்தான் கோளாறு. இருபத்தைந்தாவதைக் கழற்றியபோது அது 26க்கும் 29க்கும் இடையே சுருங்கியது. இருபத்தேழாவதைப் பிடுங்கியதும் அதன் இரு பக்கமும் எண் காட்டியது. குற்றவாளி கையிலேயே இருந்தது. நான்கே பல்புகளைக் கழற்றியதில் ஆள் அகப்பட்டது. கண்ணாடிக்கு உள்ளே லேசான கறுப்பு, இழை இரண்டாகப் பிரிந்து நின்றது.

பல்பு நன்றாக இருந்தும் பாதை காட்டாவிட்டால், அதன் மெல்லிய கம்பிக் கால்களைப் பாருங்கள். செருகும்போது ஒரு கால் உள்ளே மடங்கி, தகட்டைத் தொடாமல் போயிருக்கும். அதுவும் சரியென்றால் ஒயர்தான். பெரும்பாலும் ஹோல்டருக்குள் நுழையும் இடத்திலோ பிளக்கின் கழுத்திலோ உறைக்குள்ளேயே அறுந்திருக்கும்.

பிளக் செருகியிருக்கும்போது காலி ஹோல்டரில் கை வைக்கவே கூடாது. எரியும்போது ஒரு பல்புக்கு ஆறு வோல்ட்தான். ஆனால் வரிசை அறுந்ததும் 230 வோல்ட்டும் அந்த இடைவெளியில் வந்து நிற்கும். காலி இடத்தை ஒயரால் இணைத்துவிடுவதும் தவறு. ஐந்து இடங்களை இப்படி இணைத்தால் மீதிக்கு ஆறரை வோல்ட்டுக்கு மேல் போய், அவை சீக்கிரம் கருகும்.

எல்.இ.டி. செட்டுக்கு இந்த வழி செல்லாது. ஒரு எல்.இ.டி.க்கே இரண்டு மூன்று வோல்ட் வேண்டும் என்பதால், பலவற்றைச் சேர்த்து அளந்தால் நல்ல வரிசையையும் மீட்டர் அறுந்ததாகவே காட்டும். மீட்டரை டையோடு அளவுக்குத் திருப்பி, ஒவ்வொன்றின் கால்களிலும் முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். நல்லது ஒரு பக்கமாக லேசாக மினுங்கும்.