பாட்டில் அதே, வீடு வேறு

அமேசான் நிறுவனம் 2023 அக்டோபரில் தன் விளம்பரதாரர்களுக்கு ஒரு புதிய வசதியைத் திறந்துவிட்டது. வெள்ளைப் பின்னணியில் நிற்கும் டோஸ்டரின் படத்தைக் கொடுத்தால் போதும். அதே டோஸ்டர் சமையலறை மேடையில், பக்கத்தில் ஒரு குரோசான்ட்டோடு இருப்பதுபோல் செயற்கை நுண்ணறிவு படம் செய்து தரும். டோஸ்டர் என்பதால் சிக்கல் குறைவு. அதன் உடம்பில் படிக்க அதிகம் எதுவும் இல்லை. இதே வேலையை, தமிழில் லேபிள் ஒட்டிய ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலுக்குச் செய்யச் சொன்னால்தான் கூத்து தொடங்கும்.

ஒரு செக்கு எண்ணெய்க்காரர் மூன்று படங்கள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, தீபாவளிக் காலை எண்ணெய்க் குளியலுக்கு ஒன்று, பூஜை விளக்கின் அருகே ஒன்று. பாட்டிலின் படத்தைப் பதிவேற்றி, 'இதைச் சமையலறையில் வை' என்று எழுதினால், சில நொடிகளில் படம் வந்துவிடும். இட்லியில் ஆவி பறக்கும், எவர்சில்வர் மின்னும். லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தால் 'நல்லெண்ணெய்' என்ற சொல்லில் புள்ளிகளைக் காணோம், 'ண'வின் சுழிகளில் ஒன்று குறைந்திருக்கிறது, அடியில் இருந்த சிறு எழுத்துகள் எந்த மொழியிலும் சேராத கோடுகளாகியிருக்கின்றன. பாட்டிலின் தோளும் கொஞ்சம் சரிந்திருக்கிறது.

காரணம் எளிது. அந்தக் கருவி பாட்டிலை நகர்த்தி வைக்கவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு நினைவிலிருந்து வரையும் ஓவியரைப்போல, புதிதாக வரைந்திருக்கிறது. அந்த நினைவும் மிகவும் சுருக்கமானது. 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகச் சுருக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் வெறும் நான்கு எண்களாக வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. 1024 பிக்சல் உயரப் படத்தில் 25 செ.மீ. பாட்டில் 600 பிக்சல் உயரம் எடுத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டருக்கு 24 பிக்சல் கிடைக்கும். லேபிளில் 2 மி.மீ. உயரமுள்ள எழுத்துக்கு ஐந்து பிக்சல்கூட மிஞ்சாது. ஒரு கட்டத்துக்கே எட்டு பிக்சல் என்னும்போது, முழு எழுத்து ஒரே கட்டத்துக்குள் தொலைந்துவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி எம்மாத்திரம்!

பின்னால் வந்த கருவிகள் இதில் நன்றாகவே தேறியிருக்கின்றன. 2025 ஆகஸ்டில் கூகுள் வெளியிட்ட, 'நேனோ பனானா' என்ற செல்லப்பெயரில் பரவிய கருவி, ஒரே பொருளைப் பல காட்சிகளில் அடையாளம் மாறாமல் கொண்டுவருவதில் கெட்டி. ஆனாலும் அது வரைவதுதான், ஒட்டுவதல்ல. பெரிய பிராண்ட் பெயர் தப்பிக்கலாம். சிறிய எழுத்துகளுக்கு உத்தரவாதம் கிடையாது. உணவுப் பொருளில் அந்தச் சிறிய எழுத்துகள்தான் வம்பு: நிகர அளவு, அதிகபட்ச விலை, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண். ஒரு லிட்டர் என்பது 7 லிட்டராகத் தெரியும் விளம்பரத்தை யாரும் வெளியிட விரும்பமாட்டார்கள்.

ஆகவே இந்தத் தொழிலில் விவரம் தெரிந்தவர்கள் பாட்டிலை வரையவே விடுவதில்லை. பாட்டிலைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்து, அதன்மேல் 'மாஸ்க்' போட்டுப் பூட்டிவிட்டு, சுற்றியிருக்கும் இடத்தை மட்டும் நிரப்பச் சொல்கிறார்கள். எழுதும் குறிப்பில் பாட்டில் என்ற சொல்லே வராது. வந்தால் பக்கத்தில் இன்னொரு பாட்டில் முளைக்கும். இட்லிக் காட்சிக்கான குறிப்பு இப்படி இருக்கலாம்:

```
dark granite kitchen counter, steel plate of idlis,
morning window light from the left,
camera at counter level
```

மேடை என்ன, அதன்மேல் என்ன, வெளிச்சம் எந்தப் பக்கம், கேமரா எந்த உயரம் என்பவை மட்டுமே இதில் இருக்கின்றன. கடைசி இரண்டு வரிகளை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். படத்தைப் பார்த்ததும் 'ஒட்டவைத்தது' என்று கண் சொல்லிவிடுவதற்கும் பெரும்பாலும் அவையே காரணம்.

பாட்டிலில் வெளிச்சம் வலப்பக்கம் விழுந்திருக்க, சன்னல் இடப்பக்கம் இருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. பாட்டிலை நேர்மட்டத்தில் எடுத்திருந்தால் அதன் அடிப்பகுதி கிட்டத்தட்ட நேர்கோடாகத் தெரியும்; மேலிருந்து பார்க்கும் மேசையில் அதை வைத்தால் பாட்டில் சாய்ந்து விழப்போவதுபோல் இருக்கும். இதனால் கெட்டிக்காரர்கள் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் அசல் பாட்டிலை இடப்பக்க வெளிச்சம், வலப்பக்க வெளிச்சம், பின்பக்க வெளிச்சம் என்று மூன்று விதமாக, நேர்மட்டத்திலும் சற்று மேலிருந்தும் எடுத்துவைக்கிறார்கள். மொத்தம் ஆறு படம். பிறகு, கையில் இருக்கும் படத்துக்கு ஏற்ற காட்சியைக் கேட்கிறார்கள். பின்பக்க வெளிச்சப் படம் விளக்குக் காட்சிக்குப் பொருந்தும். இடப்பக்கப் படம் இட்லிக்கு.

நல்லெண்ணெய்க்கு இன்னொரு தலைவலி உண்டு. கண்ணாடி வழியாகப் பின்னால் இருப்பது தெரிய வேண்டும். ஸ்டுடியோவின் வெள்ளைத் திரையோடு வெட்டிய பாட்டில், இருட்டுப் பூஜையறையிலும் வெள்ளையாகவே பளிச்சிடும். இங்கே பூட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: லேபிளும் மூடியும் முழுப் பூட்டு, கண்ணாடிப் பகுதியை மட்டும், விளிம்புக்கோடு மாறாதபடி, லேசாகத் திரும்ப வரைய அனுமதிக்கலாம். அந்த விளிம்பைக் கட்டிக்காக்க 2023இல் வந்த கண்ட்ரோல்நெட் என்ற முறை உதவுகிறது. பாட்டிலின் கோட்டோவியத்தைக் கொடுத்தால் அந்தக் கோட்டை ஒட்டியே வண்ணம் நிரப்பும்.

அடிப்பகுதியையும் கவனிக்க வேண்டும். பாட்டில் மேடையைத் தொடும் இடத்தில் மெல்லிய கரும் நிழல் இல்லாவிட்டால் அது மிதக்கும். கருவி போடாவிட்டால் கையால் வரைந்து சேர்ப்பதே நல்லது. பத்து நிமிட வேலை. பூட்டிய ஓரத்தை ஒட்டிப் பாட்டிலுக்குக் கைப்பிடியோ அகலமான அடிப்பாகமோ முளைத்திருந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். கருவிக்குப் பாட்டிலின் உண்மையான உயரம் தெரியாது என்பதால், இட்லி கை முழுதும் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

பூட்டிவிட்டோமே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பல கருவிகளில், பூட்டிய பகுதியும் அந்த எட்டுக்கு எட்டுச் சுருக்கத்துக்குள் போய்த்தான் வெளியே வருகிறது. எழுத்தின் ஓரங்கள் மங்கிவிடுகின்றன. கடைசியில் படத்தைப் பெரிதாக்கும் கருவியும் எழுத்துகளைத் 'திருத்தி' வரைந்துவிடும். அதனால் காட்சியை முதலில் பெரிதாக்கிவிட்டு, அதன்பின் அசல் லேபிளை அதே இடத்தில் கடைசியாக ஒட்டுவதுதான் சரியான வரிசை. சரிபார்க்கவும் வழி உண்டு. ஃபோட்டோஷாப்பில் அசல் படத்தை மேல் அடுக்காக வைத்து `Difference` என்று மாற்றினால், இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் முழுக் கறுப்பாகும். லேபிளின் மேல் எங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால், அங்கே ஏதோ மாறியிருக்கிறது.

இந்த முறையில் வராத காட்சிகளும் உண்டு. தீபாவளிப் படத்தில் பாட்டி பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கையில் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று கேட்டால், நிமிர்ந்து நிற்கும் ஆறு படங்களில் ஒன்றும் உதவாது. சாய்ந்தால் லேபிளின் வளைவு மாறும், உள்ளே எண்ணெய் மட்டம் மாறும், விரல்கள் எழுத்துகளை மறைக்கும். அதற்குக் கேமராவைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்: ஒரு நிஜக் கை நிஜப் பாட்டிலைச் சாய்ப்பதைப் படமெடுத்து, கையையும் பாட்டிலையும் சேர்த்தே பூட்டிவிட்டு, பின்னால் இருக்கும் முற்றத்தை மட்டும் கருவியிடம் விடலாம்.