பணம் போகாத சந்தாவுக்கு அடுத்து என்ன நடக்கிறது?

பாட்டு கேட்கும் செயலி, ஓடிடி, நாளிதழின் இணையப் பதிப்பு என்று மாதச் சந்தாக்கள் இப்போது பல வீடுகளில் தாமாகவே கட்டப்பட்டுவிடுகின்றன. யுபிஐ ஆட்டோபேயில் ஒருமுறை பின் நம்பர் போட்டு ஒப்புதல் கொடுத்தால் போதும். பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு அடுத்தடுத்த மாதங்களில் மறுபடி பின் கேட்பதில்லை. குறித்த தேதியில் வங்கிக் கணக்கில் பணம் இருந்தால் எல்லாம் சத்தமில்லாமல் முடிந்துவிடும். பணம் இல்லாத மாதத்தில்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. சந்தா இருக்கிறதா போய்விட்டதா, நாமே போய்க் கட்ட வேண்டுமா காத்திருக்க வேண்டுமா என்பது தெரிவதில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதம் 199 ரூபாய் சந்தா. கட்ட வேண்டிய நாள் 28. வாடிக்கையாளர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி வரும். ஜூன் 27-ம் தேதியே அவருடைய போனுக்கு ஒரு தகவல் வந்துவிடும். எந்த நிறுவனம், எவ்வளவு தொகை, எந்த நாள் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக இப்படித் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பலர் இதை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். கணக்கில் பணம் போட்டு வைக்கவோ, வேண்டாம் என்று நிறுத்தவோ கிடைக்கும் ஒரே அவகாசம் இதுதான்.

ஜூன் 28 காலையில் முதல் கோரிக்கை வங்கிக்குப் போகிறது. கணக்கில் 120 ரூபாய்தான் இருக்கிறது. வங்கி மறுக்கிறது, மறுக்கும்போது காரணத்தையும் ஒரு குறியீடாகச் சொல்லி அனுப்புகிறது. மறுபடி முயல்வதா, விட்டுவிடுவதா என்பதை நிறுவனத்தின் கணினி அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். கார்டு பரிவர்த்தனையில் 51 என்று வந்தால் போதிய பணம் இல்லை என்று பொருள். இன்று இல்லாத பணம் நான்கு நாளில் வரலாம், அதனால் மறுபடி கேட்டுப் பார்க்கலாம். 41 என்றால் கார்டு தொலைந்துவிட்டது, 43 என்றால் திருடு போய்விட்டது. இவற்றுக்கு எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான் வரும். அப்போது நல்ல நிறுவனம் முயற்சியை நிறுத்திவிட்டு, வேறு கார்டு கொடுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடும்.

காரணம் சரிசெய்யக்கூடியதாக இருந்தாலும் நினைத்தபோதெல்லாம் கேட்க முடியாது. விசா கார்டில் ஒரே கட்டணத்துக்கு 30 நாளில் 15 முறைக்கு மேல் கேட்கக் கூடாது. யுபிஐயில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கும் தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் விதிப்படி, முதல் முயற்சிக்குப் பிறகு அதிகபட்சம் மூன்று மறுமுயற்சிகள்தான். அவையும் நெரிசல் நேரத்தில் கூடாது. காலை 10 மணிக்கு முன்பு, மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பிறகு என்று நேரம் வகுத்திருக்கிறார்கள்.

இருக்கும் மூன்று வாய்ப்பை எந்த நாட்களில் பயன்படுத்துவது என்பதில்தான் நிறுவனத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. நம் ஆசிரியையின் கணக்கில் ஜூன் 29 மதியம் இரண்டாவது முயற்சி நடக்கிறது, பணம் இல்லை. சம்பள நாளைக் கணித்து ஜூலை 1 காலை 7 மணிக்கு மூன்றாவது முயற்சி. சம்பளமோ அன்று மதியம்தான் வரவு வைக்கப்படுகிறது. சில மணி நேர வித்தியாசத்தில் அந்த வாய்ப்பும் வீணாகிறது. ஜூலை 4 இரவு 9.45-க்குக் கடைசி முயற்சி. 199 ரூபாய் போய்விடுகிறது.

இந்த ஆறு நாளும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? பாட்டு வழக்கம்போல் பாடியது. செயலியைத் திறந்தபோது மேலே ஒரு பட்டையில் கட்டணம் செலுத்தப்படவில்லை என்று இருந்தது. ஒரு மின்னஞ்சலும் வந்திருக்கலாம். இதைச் சலுகைக் காலம் என்கிறார்கள். கூகுள் பிளே, ஆப்பிள் இரண்டுமே இந்த வசதியைச் செயலி நிறுவனங்களுக்குத் தருகின்றன, எத்தனை நாள் என்பதை அந்த நிறுவனங்கள் தேர்ந்தெடுக்கின்றன. நம் கணக்கில் அதை 7 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

சலுகை என்ற பெயரைப் பார்த்து அந்த நாட்கள் இலவசம் என்று நினைக்கக் கூடாது. சலுகைக் காலத்துக்குள் பணம் போய்விட்டால் பழைய தேதி மாறாது. ஜூலை 4-ல் கட்டியவருக்கு ஜூலை 28-ல் மறுபடி பணம் எடுக்கப்படும். ஜூலை மாத வங்கிக் கணக்கு அறிக்கையில் 199 இரண்டு முறை தெரியும். ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை எடுத்துவிட்டார்கள் என்று பதறி, வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்கிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். முதலாவது ஜூன் 28-ல் தொடங்கிய மாதத்துக்கு, இரண்டாவது அடுத்த மாதத்துக்கு.

ஜூலை 4-லும் பணம் போகாமல், சலுகைக் காலமும் முடிந்திருந்தால் கதை வேறு. அப்போது சந்தா நிறுத்திவைக்கப்படும், பாட்டும் நின்றுவிடும். ஆசிரியை ஜூலை 10-ல் தானே கட்டினால், கூகுள் பிளே, ஆப்பிள் இரண்டின் முறைப்படியும் அன்றிலிருந்து புது மாதம் தொடங்குகிறது, அடுத்த தேதி ஆகஸ்ட் 10. சேவை இல்லாத நாட்களுக்குக் காசு இல்லை. நிறுத்திவைத்த காலமும் கடந்துவிட்டால் சந்தா ரத்தாகிவிடும்.

என் ஆதங்கம் ஒன்று உண்டு. அடுத்த முயற்சி எந்த நாளில் என்பது நிறுவனத்தின் கணினியில் குறிக்கப்பட்டிருக்கிறது. கேபிள் டிவி கட்டணம் வாங்க வருபவர்கூட, வீட்டில் பணம் இல்லை என்றால் புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். செயலிகளில் பெரும்பாலானவை அந்தத் தேதியைச் சொல்வதில்லை. ஜூலை 4 இரவு மறுபடி முயல்வோம் என்று ஒரு வரி போட்டால், வாடிக்கையாளர் அதற்குள் கணக்கில் பணம் வைத்திருப்பார். இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

தேதி தெரியாததால் வரும் இன்னொரு சிக்கல், இரட்டைக் கட்டணம். பதற்றத்தில் சிலர் அதே சேவைக்கு வேறொரு மின்னஞ்சலில் புதுச் சந்தா எடுத்துவிடுகிறார்கள். பழைய சந்தாவின் மறுமுயற்சி நிற்பதில்லை, அதுவும் ஒரு நாள் பணத்தை எடுத்துவிடுகிறது. கட்டுவதென்றால் அந்தச் செயலியிலேயே, அந்தப் பழைய சந்தாவின் பக்கத்திலேயே கட்டுங்கள். அப்போதுதான் கணினி நிலுவை தீர்ந்தது என்று குறித்துக்கொண்டு மறுமுயற்சியை விட்டுவிடும்.

கணக்கில் பணம் குறைந்து, செயலியோ கட்டவில்லை என்று சொன்னால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். வணிகருக்குச் சேராத யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது.

சந்தாவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் இரண்டு இடத்தில் நிறுத்துங்கள். யுபிஐ செயலியில் ஆட்டோபே ஒப்புதலை மட்டும் ரத்து செய்தால், பணம் போகாதே தவிர, நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் நிலுவை வைத்த சந்தாதாரராகவே இருக்கக்கூடும், நினைவூட்டல்களும் வந்துகொண்டிருக்கும். முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள், பிறகு ஒப்புதலை. கட்டணம் செலுத்தப்படவில்லை என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தி எதையும் தொடாதீர்கள். உண்மையிலேயே நிலுவை இருந்தால் செயலியைத் திறந்ததும் அங்கேயே தெரியும்.