பண அளிப்பை உயர்த்தக் கடன்பத்திரம் எவ்வளவு வாங்க வேண்டும்?

நாட்டில் புழங்கும் பணம் குறைவுபட்டு, வணிகமும் வேளாண்மையும் தளரும் காலத்தில், பணத்தின் அளவை ஒரு குறிப்பிட்ட தொகைக்கு உயர்த்த நடுவண் வங்கி விரும்புவதாகக் கொள்வோம். அதற்குரிய வழிகளுள் ஒன்று வெளிச்சந்தையில் அரசாங்கக் கடன்பத்திரங்களை விலைக்கு வாங்குவது. எவ்வளவு வாங்கினால் விரும்பிய உயர்வு கிடைக்கும் என்பதே இவ்வுரையின் வினா. விடை ஒரே ஒரு வகுத்தற்கணக்கு. ஆயினும் எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மக்கள் கையிலுள்ள ரொக்கமும் வங்கிகளில் அவர்கள் வைத்துள்ள வைப்புத்தொகையும் சேர்ந்தது பண அளிப்பு. அதே ரொக்கமும், வங்கிகள் தம்மிடம் இருப்பாக நிறுத்தி வைத்துள்ள சேமத்தொகையும் சேர்ந்தது அடிப்படைப் பணம். நடுவண் வங்கி நேரடியாகக் கூட்டவோ குறைக்கவோ வல்லது அடிப்படைப் பணத்தை மட்டுமே. மலேசியாவில் பேங்க் நெகாரா ஒரு வணிக வங்கியிடமிருந்து அரசாங்கப் பத்திரத்தை வாங்கினால், அதன் விலை அவ்வங்கி பேங்க் நெகாராவில் வைத்திருக்கும் கணக்கில் வரவு வைக்கப்படும். அந்தக் கணத்தில் அடிப்படைப் பணம் கூடிவிடுகிறது. பண அளிப்போ இன்னும் கூடவில்லை. அது கடன்வழியே படிப்படியாகப் பெருக வேண்டும்.

அப்பெருக்கத்தைப் பிரிஞ்சாங் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். இங்குள்ள காய்கறி விவசாயி ஒருவர், நெகிழிக் கூரையிட்ட மழைத்தடுப்புக் குடில் அமைக்க வங்கியில் 1,10,000 ரிங்கிட் கடன் பெறுகிறார் எனக் கொள்க. அப்பணம் கூலியாகவும் பொருள் விலையாகவும் பலரிடம் செல்கிறது. அதில் 10,000 ரிங்கிட் ரொக்கமாகவே மக்கள் கையில் தங்கிவிடுகிறது. 1,00,000 ரிங்கிட் வைப்பாக வங்கிக்குத் திரும்புகிறது. வங்கி அதில் 2,000 ரிங்கிட்டைச் சேமமாக நிறுத்திக்கொண்டு 98,000 ரிங்கிட்டை அடுத்தவருக்குக் கடன் தருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தொகை இவ்வாறு சுருங்கிக்கொண்டே போகும். ரொக்கமாகக் கசிவது ஒரு பங்கு. சேமமாக ஒதுங்குவது மற்றொரு பங்கு. பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவன இவ்விரண்டுமே.

சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. இவ்வெடுத்துக்காட்டின்படி, 100 ரிங்கிட் வைப்பு இருக்குமிடத்தில் 10 ரிங்கிட் ரொக்கமும் 2 ரிங்கிட் சேமமும் இருக்கும். ஆகவே 12 ரிங்கிட் அடிப்படைப் பணம் 110 ரிங்கிட் பண அளிப்பைத் தாங்குகிறது. 110ஐ 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9.17. இதுவே பணப்பெருக்கி.

இனி, பண அளிப்பை 1,100 மில்லியன் ரிங்கிட் உயர்த்துவது நோக்கமாயின், 1,100ஐப் பெருக்கியால் வகுக்க வேண்டும். விடை 120 மில்லியன் ரிங்கிட். இதைச் சரிபார்ப்பதும் எளிது. 120 மில்லியன் அடிப்படைப் பணம் 1,000 மில்லியன் வைப்பையும் 100 மில்லியன் ரொக்கத்தையும் 20 மில்லியன் சேமத்தையும் தரும். ரொக்கமும் சேமமும் சேர்ந்து 120. வைப்பும் ரொக்கமும் சேர்ந்து 1,100. இரு பக்கமும் பொருந்துகின்றன.

பாடநூல்களில் பெருக்கியைச் சட்டமுறைச் சேம விகிதத்தின் தலைகீழாகச் சுருக்கிச் சொல்வதுண்டு. பேங்க் நெகாரா அவ்விகிதத்தை 2025 மே மாதத்தில் 2 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைத்தது. அச்சுருக்க விதிப்படி பெருக்கி 100 ஆகும். 11 மில்லியன் ரிங்கிட்டுக்குப் பத்திரம் வாங்கினாலே போதும் என்று தோன்றும். நம் எடுத்துக்காட்டில் உள்ள 2 விழுக்காட்டுச் சேமத்தில் சட்டம் கேட்பது 1, வங்கி தன் பாதுகாப்புக்கென மிகுதியாக வைப்பது 1 என்று கொள்வோம். அந்நிலையில் 11 மில்லியன் வாங்கினால் கிடைக்கும் உயர்வு ஏறத்தாழ 101 மில்லியன் மட்டுமே. இலக்கில் பத்தில் ஒரு பங்குகூட எட்டப்படாது. சுருக்க விதி கணக்கில் கொள்ளாதது மக்கள் கையிலுள்ள ரொக்கத்தையும் வங்கிகளின் மிகுசேமத்தையும் ஆகும்.

இதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. பெருக்கி மாறாதிருக்கும்போதுதான் உயர்வை மட்டும் தனியே எடுத்து வகுக்கலாம். தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற காலங்களில் மக்கள் ரொக்கத்தை மிகுதியாக எடுக்கிறார்கள். 100 ரிங்கிட் வைப்புக்கு 10 ஆக இருந்த ரொக்கம் 12 ஆகிவிட்டது என்க. இப்போது 14 ரிங்கிட் அடிப்படைப் பணம் 112 ரிங்கிட் பண அளிப்பைத் தாங்கும், பெருக்கி 8. அப்படியானால் 1,100ஐ 8ஆல் வகுத்து 137.5 மில்லியன் வாங்கலாமே என்று எண்ணத் தோன்றும். அது தவறு. பெருக்கி குறையும்போது புதிதாக வரும் பணம் மட்டுமன்றி, முன்பே இருக்கும் பணம் முழுவதும் சுருங்குகிறது.

எண்களால் இதைக் காண்போம். தொடக்கத்தில் அடிப்படைப் பணம் 1,200 மில்லியன், பண அளிப்பு 11,000 மில்லியன். இலக்கு 12,100 மில்லியன். பெருக்கி 8 ஆனபின் இவ்விலக்கைத் தாங்கத் தேவையான அடிப்படைப் பணம் 1,512.5 மில்லியன். எனவே வாங்க வேண்டியது 312.5 மில்லியன். பழைய கணக்கை நம்பி 120 மில்லியன் மட்டும் வாங்கியிருந்தால், பண அளிப்பு 10,560 மில்லியனாக, தொடங்கிய இடத்தினும் கீழே இறங்கியிருக்கும். வாங்கியும் பணம் குறைந்தது என்னும் இந்த முரண் வெறுங்கற்பனையன்று. 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தபோது, அச்சமுற்ற மக்கள் ரொக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டனர். எஞ்சிய வங்கிகள் சேமத்தைப் பெருக்கின. அடிப்படைப் பணம் கூடிய அதே காலத்தில் பண அளிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஆதலால் கணக்கிடுவோர் கைக்கொள்ள வேண்டிய முறை இது: இலக்காகிய மொத்தப் பண அளிப்பை, வாங்கியபின் நிலவக்கூடிய பெருக்கியால் வகுத்து, இப்போதுள்ள அடிப்படைப் பணத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். பெருக்கி மாறவில்லையெனில் இதுவும் முதலிற் கண்ட எளிய வகுத்தலும் ஒரே விடையைத் தரும். பெருக்கி மாறுகிறதா என்பதை அறிய, பேங்க் நெகாரா மாதந்தோறும் வெளியிடும் புள்ளிவிவரங்களில் பண அளிப்பை அடிப்படைப் பணத்தால் வகுத்து, முந்திய மாதங்களோடு ஒப்பிடலாம். விகிதம் சரிந்தால், ரொக்கம் கூடியதா, மிகுசேமம் கூடியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னது பெரும்பாலும் பண்டிகையோடு தணியும். பின்னது கடன் கேட்போரும் கொடுப்போரும் தயங்குவதன் அறிகுறி.

பெருக்கி இவ்வாறு நிலையற்றது என்பதால்தான் இன்றைய நடுவண் வங்கிகள் பலவும் பண அளவை இலக்காகக் கொள்வதில்லை. பேங்க் நெகாராவும் 2004 ஏப்ரல் முதல் ஓரிரவு வட்டி விகிதத்தையே தன் கொள்கைக் கருவியாக அறிவித்து வருகிறது. வங்கிகளுக்கிடையே நிலவும் வட்டி அவ்விகிதத்தை ஒட்டி நிற்குமாறு பணச்சந்தையில் தொகையைச் செலுத்தியும் ஈர்த்தும் வருகிறது. அந்நாளாந்தச் செயற்பாட்டிலும் ரொக்கம் எவ்வளவு வெளியேறும், வங்கிகள் எவ்வளவு சேமம் வைக்க விரும்பும் என்ற அதே இரண்டு மதிப்பீடுகள் இன்றியமையாதவை.