தேடலில் சிக்காத பழைய மெயில்

அவுட்லுக்கில் ‘பிரீமியம்’ என்று தேடினால், அது ஒவ்வொரு மெயிலாகத் திறந்து பார்ப்பதில்லை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தெந்த மெயிலில் இருக்கிறது என்று விண்டோஸ் முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலை மட்டும் புரட்டுகிறது. கம்ப்யூட்டரில் இறங்கிய மெயில்களே அந்தப் பட்டியலில் ஏறும்.

அலுவலகக் கணக்குகளில் பெரும்பாலும் கடைசி ஓராண்டு மெயில்தான் இறங்குகிறது. 2019-இல் வந்த இன்சூரன்ஸ் ரசீது சர்வரிலேயே தங்கிவிடும். நெட் இணைப்பு இருந்தால் அவுட்லுக் சர்வரிலும் தேடும். இல்லாவிட்டால் ரசீது அகப்படாது. போனிலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

பிரவுசரில் கணக்கைத் திறந்து அதே சொல்லைத் தேடுங்கள். அங்கே கிடைத்தால் மெயில் அழியவில்லை. Account Settings-இல் கால அளவை All என்று மாற்றுங்கள். எல்லாம் இறங்கிப் பட்டியலில் ஏறச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்.